கண்ணை மூடினால் தெரியும் தரை

சென்ற விடுமுறையில் அக்கா மகன் தன் பிளேஸ்டேஷன் 5-இன் கன்ட்ரோலரை என் கையில் வைத்து, "மாமா, கண்ணை மூடிக்கோங்க. எந்தத் தரையில நடக்குறேன்னு சொல்லுங்க" என்றான். திரையில் ஓடியது 'ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்'. அந்தக் கருவியுடன் இலவசமாக வரும் விளையாட்டு அது. என் கைகளின் மேல் தன் விரல்களை வைத்து அவனே குச்சியைத் தள்ளினான். குட்டி ரோபோ நடந்தது. முதலில் டக் டக் என்று சின்னதாக, கூர்மையாக உள்ளங்கையில் ஏதோ தட்டியது. "இரும்புத் தகடு" என்றேன். சரி. அடுத்து பரபரவென்று நொறுங்குவதுபோல் இருந்தது. "மணல்." அதுவும் சரி. பிறகு தட்டலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஒரு மெல்லிய இழுவை. "பனிக்கட்டி." மூன்றும் சரியாக வந்ததில் அவனைவிட எனக்குத்தான் வியப்பு. 280 கிராம் பிளாஸ்டிக் ஒன்று மணலை எப்படிச் சொல்கிறது என்ற கேள்வி அன்றே பிடித்துக்கொண்டது.

நான் சிறுவனாக இருந்த நாளில் கன்ட்ரோலர் அதிர்வதே அதிசயம். 1997-இல் நின்டென்டோ தன் 'ஸ்டார் ஃபாக்ஸ் 64' விளையாட்டோடு அதிர்வுப் பெட்டி ஒன்றைத் தந்தது. அதே ஆண்டின் இறுதியில் சோனியின் டூயல்ஷாக் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலான கன்ட்ரோலர்களுக்குள் இருந்தது ஒரே சங்கதிதான்: ஒரு சிறிய மோட்டார், அதன் அச்சில் ஒருபக்கமாகக் கனத்த ஓர் உலோகத்துண்டு. துணி ஒருபக்கம் ஒதுங்கிவிட்ட வாஷிங்மெஷின் எப்படித் தடதடக்குமோ, அதே கதை. டூயல்ஷாக்கில் இடக்கைப் பிடியில் பெரியது ஒன்று, வலக்கைப் பிடியில் சிறியது ஒன்று.

இந்த முறைக்கு இரண்டு குறைகள் உண்டு. இரண்டும் தரையைச் சொல்ல முடியாமல் செய்பவை. முதலாவது, சுழலும் எடை தரும் விசை சுழற்சி வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அதிர்வின் வலு கால் பங்காகிவிடும். அதாவது, மெதுவாக ஆனால் பலமாக அதிரச் சொல்ல முடியாது. வேகமாக ஆனால் மென்மையாக அதிரவும் சொல்ல முடியாது. வேகமும் வலுவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. இரண்டாவது, நின்றிருக்கும் மோட்டார் சுழன்று வேகமெடுக்க நொடியில் நூற்றில் சில பங்குகள் ஆகும். நிற்கவும் அதே பாடு. ரோபோவின் காலடி நொடிக்குப் பல முறை விழும்போது ஒரு காலடியின் வால் அடங்குமுன் அடுத்தது வந்துவிடும். எல்லாம் குழைந்து ஒரே 'விர்ர்ர்' ஆகிவிடும். வெடிகுண்டுக்கு அது போதும். இரும்புத் தகட்டின் மேல் நடக்கும் 'டக்'குக்குப் போதாது.

2020 நவம்பரில் வந்த டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில் சோனி அந்த மோட்டார்களை எடுத்துவிட்டு, இரண்டு பிடிகளிலும் ஒவ்வொரு சுருள் இயக்கியை வைத்தது. ஒலிபெருக்கியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒலிபெருக்கியில் ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், ஒரு காகிதக் கூம்பு. சுருளில் மின்சாரம் முன்னும் பின்னுமாக ஓடினால் கூம்பு முன்னும் பின்னும் ஆடிக் காற்றைத் தள்ளும்; அது ஒலி. கூம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சிறு எடையை வைத்துவிடுங்கள். இப்போது ஆடுவது காற்றல்ல, கன்ட்ரோலரின் உடல். டூயல்சென்ஸின் பிடிக்குள் இருப்பது இதுதான். சுழற்சி இல்லாததால் எவ்வளவு வேகமாக ஆட வேண்டும், எவ்வளவு பலமாக ஆட வேண்டும் என்பதைத் தனித்தனியாகச் சொல்லலாம். ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு நிறுத்தவும் முடியும்.

இதன் விளைவு ஒன்று உண்டு. எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்ததும் அதுதான். அதிர்வு இப்போது ஒரு கட்டளை அல்ல, ஓர் ஒலிப்பதிவு. கன்ட்ரோலரைக் கணினியில் கம்பி வழியே இணைத்தால், கணினி அதை நான்கு தடங்கள் கொண்ட ஓர் ஒலிக்கருவியாகவே பார்க்கிறது. முதல் இரண்டு தடங்கள் காதுக்கு. அடுத்த இரண்டும் இடக்கை, வலக்கை இயக்கிகளுக்கு. நான்கு தடத்திலும் பாட்டு ஓடும்படி அமைத்துவிட்டால் தவிலின் அடி உங்கள் உள்ளங்கையில் விழும்! விளையாட்டுக்கு ஒலியமைப்பவர் இரும்புத் தகட்டுக் காலடிக்கு ஓர் ஒலி செய்வதுபோலவே, கைக்கென்று இன்னோர் அலைவடிவத்தையும் செய்கிறார்.

இரும்புக்கும் மணலுக்கும் அந்த அலைவடிவத்தில் என்ன வேறுபாடு? இரும்பில் காலடி என்றால் சடாரென்று எழுந்து சட்டென அடங்கும் ஒரு துடிப்பு, அதன்பின் தகடு அதிர்வதுபோல் வேகமான சிறு நடுக்கம், பிறகு அமைதி. மணலில் தெளிவான தொடக்கமே இருக்காது. சின்னச் சின்னத் துடிப்புகள் ஒழுங்கில்லாமல் நெருக்கமாக வந்து மெல்லத் தேயும். மணிகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதுதான் அது. பனியில் காலடியே இல்லை. வலுக் குறைந்த ஒரே சீரான உராய்வு. இடக்கால் விழும்போது இடப்பக்கம், வலக்கால் விழும்போது வலப்பக்கம். இவ்வளவுதான். மணலின் ஈரமோ சூடோ மணிகளின் உருவமோ கைக்கு வந்து சேரவில்லை. ஆனாலும் "மணல்" என்று நான் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்றால், நாம் தரையை இப்படி அறிவது இது முதல் முறையல்ல. செருப்புப் போட்டு நடக்கும்போது சரளைக் கல்லை நம் தோல் தொடுவதே இல்லை. சைக்கிளில் தார்ச்சாலையிலிருந்து செம்மண் பாதையில் இறங்கினால் கண்ணை மூடியிருந்தாலும் ஹேண்டில்பார் சொல்லிவிடும். பார்வையற்றவர் கைத்தடியின் நுனியில் தரை மாறுவதைக் கண்டுகொள்கிறார். தோலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கட்டையோ ரப்பரோ இருக்கிறது. அதன் வழியே வருவது அதிர்வு மட்டுமே. ஜெர்மன் உளவியலாளர் டேவிட் காட்ஸ் 1925-இல் தொடுவுணர்வைப் பற்றி எழுதிய நூலிலேயே, சொரசொரப்பை அறிவதில் அதிர்வுக்கு உள்ள பங்கை வலியுறுத்தினார். கன்ட்ரோலர் மணலைப் போலியாகச் செய்வதில்லை. கைத்தடியின் பிடியைத்தான் போலச் செய்கிறது. அதனால்தான் வெற்றி பெறுகிறது என்று நினைக்கிறேன்.

நம் உள்ளங்கையின் ஆழத்தில் வெங்காயம்போல் அடுக்கடுக்கான நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. இத்தாலிய மருத்துவர் ஃபிலிப்போ பாச்சினியின் பெயரால் வழங்கப்படுபவை. நொடிக்கு 250 தடவை அளவில் வரும் அதிர்வுகளை இவை மிக நுட்பமாகப் பிடிக்கும். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அசைவே இவற்றுக்குப் போதும். ஆனால் அதிர்வு எந்த இடத்தில் எழுகிறது என்பதைச் சொல்வதில் இவை மிக மோசம். ஒவ்வொன்றும் உள்ளங்கையின் பெரும்பகுதியிலிருந்து சேதி வாங்குகிறது. ஆகவே பிடிக்குள் ஒரே ஓர் இயக்கி இருந்தாலும், மழைத்துளிகள் கையெங்கும் விழுவதுபோல் தோன்றும். ஃபின்லாந்தின் ஹவுஸ்மார்க் நிறுவனம் 2021-இல் தந்த 'ரிட்டர்னல்' விளையாட்டில் அந்நியக் கோளின் மழை கையில் தெறிப்பதைப் பலர் வியந்து சொன்னார்கள். இரண்டே இடங்களில் எழும் துடிப்புகள்தான் அவை. இடம் தெரியாத உணர்வுறுப்புகள் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன.

காதும் இதில் கூட்டு. கன்ட்ரோலரின் நடுவில் ஒரு சிறு ஒலிபெருக்கி இருக்கிறது. காலடிச் சத்தம் தொலைக்காட்சியிலிருந்து மட்டுமல்ல, அதிலிருந்தும் வருகிறது. 1998-இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் யூஸ்மாக்கி, ஹாரி இருவரும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். இரு உள்ளங்கைகளையும் தேய்க்கச் சொல்லி, அந்தச் சத்தத்தை மைக்கில் பிடித்து, அதன் கீச்சுப் பகுதியைக் கூட்டி உடனே காதில் கேட்கவிட்டார்கள். தேய்த்தவர்களுக்குத் தங்கள் தோல் காகிதம்போல் வறண்டதாகத் தோன்றியது. தோல் மாறவில்லை, ஒலிதான் மாறியது. இதைப் படித்ததும் மருமகனிடம் கன்ட்ரோலரின் ஒலியை முழுவதும் குறைத்து, தொலைக்காட்சியையும் அடக்கிவிட்டு மறுபடி சோதிக்கச் சொன்னேன். இரும்பு தப்பியது. மணலையும் புல்லையும் மாற்றிச் சொன்னேன். பனி எனக்கு ஒன்றுமில்லாததாகவே பட்டது. முதல் நாள் என் கை சாதித்ததாக நினைத்ததில் பாதி காதின் வேலை.

தரை இப்படி. துப்பாக்கி வேறு மாதிரி. அது கடினமான கணக்கு.

உண்மையான பின்னுதைப்பு என்றால் என்ன என்று பார்ப்போம். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் ரவை சுமார் 8 கிராம். நொடிக்கு ஏறத்தாழ 360 மீட்டர் வேகத்தில் போகிறது. 900 கிராம் துப்பாக்கி அதற்கு ஈடாக நொடிக்கு மூன்று மீட்டருக்கும் மேலான வேகத்தில் பின்னே வரும். அதை மணிக்கட்டும் தோளும் வாங்கிக்கொள்கின்றன. கன்ட்ரோலரிலிருந்து எதுவும் வெளியே பறந்து போவதில்லை. உள்ளே ஆடும் எடை முன்னே போனால் சில மில்லிமீட்டருக்குள் திரும்பி வந்தே ஆக வேண்டும். முன்னும் பின்னும் ஈடாகிவிடும். கூட்டிக் கழித்தால் உங்கள் தோளுக்குப் போகும் உதை பூஜ்யம். எவ்வளவு விலை கொடுத்து எந்தக் கன்ட்ரோலரை வாங்கினாலும் இதை மீற முடியாது.

பிறகு எப்படி அது துப்பாக்கியாகத் தோன்றுகிறது? உதையைத் தர முடியாதவர்கள் அதற்கு முந்தைய கணத்தைத் தருகிறார்கள்.

துப்பாக்கி சுடப் பயின்றவர்கள் விசையை இழுப்பதைப் பகுதி பகுதியாகச் சொல்வார்கள். முதலில் இலகுவாக வரும் தளர்வான தூரம். பிறகு விரல் ஒரு சுவரில் முட்டும். அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கணத்தில் சுவர் உடையும், சுத்தி விடுபடும், குண்டு வெடிக்கும். விரலுக்கு அந்த உடைவு, காதுக்கு வெடி, தோளுக்கு உதை என மூன்றும் ஒன்றாகவே மனதில் பதிந்திருக்கின்றன. முதல் இரண்டையும் பிசகாமல் தந்துவிட்டால் மூன்றாவதற்கு இயக்கியின் ஒரு தட்டும் திரையின் குலுக்கமும் போதும்.

அந்தச் சுவரைக் கட்டுவதுதான் டூயல்சென்ஸின் ட்ரிக்கர். அதன் பின்னால் ஒரு குட்டி மோட்டார் இருக்கிறது. மோட்டாரின் அச்சில் திருகாணி மரைபோல் ஒரு பல். அது ஒரு பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரத்தோடு ஒரு நெம்புகோல் எழுந்து ட்ரிக்கரின் முதுகில் முட்டுக்கொடுக்கிறது. திருகுப் பல் என்பதால் மோட்டார் பல சுற்றுச் சுற்றினால் நெம்புகோல் கொஞ்சம்தான் நகரும். ஆனால் பலமாக நகரும். அதனால்தான் இத்தனை சிறிய மோட்டாரால் விரலை எதிர்க்க முடிகிறது. நெம்புகோல் விலகியிருக்கும்போது ட்ரிக்கர் வெறும் ஸ்பிரிங்கின் மேல் ஓடும் சாதாரண ட்ரிக்கர்.

விளையாட்டை எழுதுபவர் ட்ரிக்கரிடம் எப்படிப் பேசுகிறார் என்பது சுவையானது. ட்ரிக்கர் இழுபடும் தூரம் 0 முதல் 9 வரை பத்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆயுதத்துக்கென்றே உள்ள முறையில் மூன்று எண்கள் கொடுத்தால் போதும்: சுவர் எங்கே தொடங்க வேண்டும், எங்கே உடைய வேண்டும், எவ்வளவு பலம். தொடக்கம் 2 முதல் 7 வரை, உடைவு அதற்கு அடுத்த மண்டலத்திலிருந்து 8 வரை, பலம் 8 வரை இருக்கலாம். ஓர் எடுத்துக்காட்டு செய்து பார்ப்போம். கைத்துப்பாக்கிக்குத் தொடக்கம் 4, உடைவு 5, பலம் 4 என்று வைக்கிறேன். சுவர் மெலிது, தீக்குச்சி ஒடிவதுபோல் சட்டென உடையும். பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு 3, 7, 8. விரல் நீண்ட தூரம் மல்லுக்கட்ட வேண்டும். உடையும்போது விரல் பொத்தென்று உள்ளே விழும். அந்த விழுதலையே மூளை பெரிய துப்பாக்கி என்று படிக்கிறது. கவனியுங்கள், வெடிக்கும் கணத்தில் கன்ட்ரோலர் எந்த விசையையும் சேர்க்கவில்லை, இருந்ததை எடுத்துவிட்டது. உங்கள் விரலே சேர்த்து வைத்திருந்த அழுத்தம்தான் உதையாக மாறுகிறது.

இந்த எண்களை விளையாட்டு முன்கூட்டியே அனுப்பிவிடுகிறது. விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்து மோட்டாரை இயக்குவது கன்ட்ரோலருக்குள் இருக்கும் சில்லே. ஒவ்வொரு இழுப்புக்கும் சேதி பெட்டிக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தால், சுவர் தாமதமாக எழுந்து களிமண்போல் இருந்திருக்கும்.

ஆனால் ஒரு பொறுப்பு விளையாட்டை எழுதுபவரிடமே இருக்கிறது. ட்ரிக்கரின் நிலை 0 முதல் 255 வரையிலான எண்ணாகப் பெட்டிக்குப் போகிறது. எந்த எண்ணில் குண்டு வெடிக்க வேண்டும் என்பதை அவர் தனியாகத் தீர்மானிக்கிறார். பழைய கன்ட்ரோலருக்காகப் பாதி இழுப்பிலேயே வெடிக்கும்படி வைத்ததை மாற்ற மறந்து, சுவரை மட்டும் ஆழத்தில் கட்டிவிட்டால், முதலில் 'டுமீல்', பிறகு சுவர் உடைவது என்று முன்பின்னாகிவிடும். இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ட்ரிக்கரை மிக மெதுவாக இழுங்கள். உடைவும் வெடியும் ஒரே கணத்தில் வந்தால் கவனமாகச் செய்த வேலை. விரல் இன்னும் சுவரில் நிற்கும்போதே வெடித்தால் அவசரத்தில் ஒட்டவைத்தது.

இயந்திரத் துப்பாக்கிக்குச் சுவர் உதவாது. அங்கே அதிர்வு முறை வருகிறது: நெம்புகோல் ட்ரிக்கரின் முதுகைத் திரும்பத் திரும்பக் குத்தும். நிமிடத்துக்கு 600 ரவை சுடும் துப்பாக்கி என்றால் நொடிக்கு 10. ஆகவே வேகம் 10 என்று கொடுத்தால் போதும். தோட்டா தீர்ந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் ட்ரிக்கர் தொளதொளவென்று ஆகிவிடும். திரையின் மூலையில் எண்ணைப் பார்க்காமலே "தீர்ந்துவிட்டது" என்று விரலுக்குத் தெரியும்.

இதைச் சிறப்பாகக் கையாண்ட சிலவற்றைச் சொல்ல வேண்டும். இன்சோம்னியாக் நிறுவனத்தின் 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' 2021-இல் வந்தது. அதில் 'என்ஃபோர்சர்' என்ற துப்பாக்கியின் ட்ரிக்கரைப் பாதிச் சுவர்வரை இழுத்தால் ஒரு குழல் வெடிக்கும். சுவரை உடைத்து முழுக்க இழுத்தால் இரண்டு குழலும் சேர்ந்து வெடிக்கும். இங்கே சுவர் அலங்காரம் அல்ல, ஒரே பொத்தானை இரண்டாக்கும் எல்லைக்கோடு. அதே ஆண்டின் 'டெத்லூப்' விளையாட்டில் பழைய துப்பாக்கிகள் நடுவில் சிக்கிக்கொள்ளும். அப்போது ட்ரிக்கர் இறுகி இழுபட மறுக்கும். சண்டைக்கு நடுவே அந்த மறுப்பு விரலில் தரும் திகில், திரையில் எழுதிக் காட்டினால் வராது. தரைக்கும் ட்ரிக்கர் உதவுவதுண்டு: 'கிரான் டூரிஸ்மோ 7'-இல் கடுமையாகப் பிரேக் போட்டு டயர் பிடியை இழக்கும்போது, ஏபிஎஸ் துடிப்பை இடது ட்ரிக்கர் விரலில் படபடக்கும்.

இத்தனைக்கும் விலை உண்டு. சுவரை உடைக்க விரலுக்குக் கூடுதல் நேரமும் பலமும் வேண்டும். இணையத்தில் பிறரோடு மோதுபவர்களுக்கு அந்த இம்மிநேரமே வெற்றி தோல்வி. ஆகவே பலர் ட்ரிக்கர் விளைவை நிறுத்திவிட்டே ஆடுகிறார்கள். அமைப்புப் பக்கத்தில் அதிர்வின் வலுவையும் ட்ரிக்கரின் வலுவையும் தனித்தனியே குறைக்கவோ நிறுத்தவோ இடமிருக்கிறது. விரல் மூட்டில் வலி உள்ளவர்களும் ட்ரிக்கரை மட்டும் குறைத்துக்கொண்டு தரையை வைத்துக்கொள்ளலாம்.

அசையும் உறுப்பு என்றால் தேய்மானமும் உண்டு. அதிகம் கேள்விப்படும் கோளாறு, ட்ரிக்கரைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் உடைவது. எது போயிற்று என்று கண்டுபிடிப்பது எளிது. விளைவை நிறுத்திவிட்டு ட்ரிக்கரை அழுத்தி விடுங்கள். தானாக எழாமல் தொங்கினால் ஸ்பிரிங். நன்றாக எழுகிறது, ஆனால் விளைவைப் போட்டும் சுவர் வரவில்லை, இடது ட்ரிக்கரில் மட்டும் வருகிறது என்றால் வலது மோட்டாரோ அதற்குப் போகும் நாடாக் கம்பியோ காரணமாக இருக்கலாம். ஸ்பிரிங் மலிவு, பொறுமையுள்ள பழுதுபார்ப்பவர் மாற்றிவிடுவார்.

கணினியில் ஆடுகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று. ப்ளூடூத்தில் இணைத்தால் பெரும்பாலான விளையாட்டுகளில் அந்த நான்கு தட ஒலிக்கருவி இருக்காது. சுருள் இயக்கிகள் பழைய மோட்டாரைப்போல் நடித்து 'விர்ர்ர்' என்று மட்டும் சொல்லும். கன்ட்ரோலர் அதிர்வதால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். இரும்பின் மேலும் புல்லின் மேலும் மாறி மாறி நடந்து பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் கம்பியைச் செருகுங்கள்.

விடுமுறை முடிந்து கிளம்பும் நாளில் மருமகன் நண்பர்களோடு இணையத்தில் சண்டையிட்டுக்கொண்டிருந்தான். கன்ட்ரோலரை வாங்கிப் பார்த்தேன். ட்ரிக்கர் வெறுமையாக ஓடியது. "ஆஃப் பண்ணி வச்சிருக்கேன் மாமா, இதுல அது லேட்டாக்கும்" என்றான். ஆட்டம் முடிந்ததும், நான் கேட்காமலே அமைப்புக்குள் போய் அதைத் திரும்பப் போட்டுவிட்டு ஆஸ்ட்ரோவைத் திறந்தான். கன்ட்ரோலரின் ஒலியைத் தானே முழுக்கக் குறைத்தான். "இன்னொரு தடவை கண்ணை மூடுங்க" என்றான். இந்த முறை மணல் எனக்குத் தெரிந்தது.